ஆர்.ஓ. தண்ணீர் ஏற்றவில்லையா? அடாப்டரா, பம்பா, சோலனாய்டு வால்வா என்று கண்டுபிடிக்கும் முறை

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீர் பிடிக்காமல் நின்றுவிட்டால், பழுது பெரும்பாலும் மூன்று பாகங்களில் ஒன்றில் இருக்கும்: மின்சாரம் தரும் அடாப்டர், தண்ணீரை அழுத்தித் தள்ளும் பூஸ்டர் பம்ப், தண்ணீரை உள்ளே விடும் சோலனாய்டு வால்வு. இந்த வால்வைத்தான் கடைக்காரர்கள் எஸ்.வி. என்பார்கள். மூன்றுமே ஒன்றைப் போல இன்னொன்று நடிக்கக்கூடியவை. பம்ப் இறுகிக்கொண்டால் அடாப்டர் செத்தது போலத் தெரியும். எஸ்.வி. திறக்காவிட்டால் பம்ப் பலமிழந்தது போலத் தெரியும். அதனால்தான் பம்பை மாற்றியும் சரியாகாமல், அடாப்டரை மாற்றியும் சரியாகாமல், கடைசியில் விலை குறைந்த வால்வில் வந்து நிற்கிறது. அளந்து பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு வாளி, ஒரு அளவு ஜாடி, பைக் பல்பு இரண்டு, ஒரு பைக் பேட்டரி, கொஞ்சம் நேரம் இருந்தால் போதும்.

இங்கே சொல்வது நம் வீடுகளில் பரவலாக இருக்கும் வகைக்கு: சுவரில் மாட்டியது, உள்ளேயே ஏழு எட்டு லிட்டர் தொட்டி உள்ளது, 24 வோல்ட் டி.சி.யில் ஓடுவது. சில பழைய இயந்திரங்கள் 36 வோல்ட்டில் ஓடும். அடாப்டர், பம்ப் இரண்டின் லேபிளையும் முதலில் படித்து, கீழே 24 என்று வரும் இடங்களில் உங்கள் எண்ணைப் போட்டு, 23, 20 போன்ற அளவுகளையும் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் தண்ணீரும் போகும் வழி

அடாப்டர் 230 வோல்ட் ஏ.சி.யை 24 வோல்ட் டி.சி.யாக மாற்றுகிறது. அதிலிருந்து வரும் இரண்டு வயர்களில் ஒன்று தொட்டிக்குள் இருக்கும் ஃப்ளோட் சுவிட்ச் வழியாகப் போகும். தொட்டி நிறைந்ததும் ஃப்ளோட் மேலே ஏறி அந்த வயரைத் துண்டிக்கும். ஃப்ளோட்டைத் தாண்டியதும் மின்சாரம் இரண்டாகப் பிரிந்து பம்புக்கும் எஸ்.வி.க்கும் ஒரே நேரத்தில் போகிறது. இரண்டும் இணையாக இணைக்கப்பட்டவை என்பதை மனதில் வையுங்கள். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது ஓடும், நம் சோதனை முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது. சர்க்யூட் போர்டு உள்ள இயந்திரங்களில் ஃப்ளோட்டின் வயர் போர்டுக்குப் போய், போர்டு பம்பையும் வால்வையும் இயக்கும். அங்கும் அளக்க வேண்டிய இடங்கள் இவையே.

தண்ணீர் வெளியே இருக்கும் முன்வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்து எஸ்.வி.யை அடையும். அடுத்தது பம்ப், அதற்குப் பின் மெம்பிரேன். செடிமென்ட், கார்பன் ஃபில்டர்கள் பம்புக்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எஸ்.வி. மட்டும் ஏறக்குறைய எப்போதும் பம்புக்கு முன்னால் இருக்கும். டியூப்பைக் கையால் பின்தொடர்ந்து இந்த வரிசையை ஒரு தாளில் வரைந்துகொள்வது நல்லது. கழற்றும் ஒவ்வொரு டியூப்பிலும் ஒட்டுத்தாளில் எண் எழுதுங்கள். எல்லாமே ஒரே வெள்ளை நிறம், மாற்றிப் போட்டால் புதிதாக ஒரு பழுது பிறக்கும்.

கழற்றுவதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். 24 வோல்ட் பக்கம் உடம்புக்கு ஆபத்தில்லை. யு.வி. விளக்கு உள்ள இயந்திரத்தில் அதன் சோக்குக்கு நேராக 230 வோல்ட் வரலாம், அந்த வயர்களைத் தொடாதீர்கள். எரியும் யு.வி. விளக்கைப் பார்க்கவும் கூடாது, கண்ணைக் கெடுக்கும். அடாப்டரை எந்தக் காரணத்துக்கும் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஒரு கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பிறகு, பழுதைப் போல நடிக்கும் எளிய விஷயங்களை ஒதுக்குங்கள். மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? இயந்திரத்துக்குப் போகும் சின்னக் குழாய் திறந்திருக்கிறதா? சுவர் சாக்கெட்டில் வேறு ஏதாவது சார்ஜரைச் செருகினால் வேலை செய்கிறதா? தொட்டிக்குள் ஃப்ளோட் பாசியாலோ உப்பாலோ மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஃப்ளோட்டைக் கையால் கீழே இழுத்துவிட்டதும் இயந்திரம் ஓடத் தொடங்கினால், மூன்று பாகத்திலும் குற்றமில்லை. ஃப்ளோட்டைக் கழுவினால் போதும். குறிப்பிட்ட லிட்டர் ஓடியதும் ஃபில்டர் மாற்றச் சொல்லி நின்றுவிடும் போர்டுகளும் உண்டு. சிவப்பு விளக்கோ தொடர் பீப் ஒலியோ இருந்தால் கையேட்டில் அதன் பொருளைப் பாருங்கள்.

முதலில் காது கொடுங்கள்

தொட்டி காலியாக இருக்கும்போது பிளக்கைச் செருகி ஒரு நிமிடம் கேளுங்கள். நல்ல பம்ப் கனமான, ஒரே சீரான உறுமலுடன் ஓடும். பிளக்கைச் செருகியவுடன் எஸ்.வி.யிலிருந்து ஒரு ‘டக்’ வரும். இந்த இரண்டு ஒலிகளும் இருக்கின்றனவா, இல்லையா என்பதிலேயே பாதி விடை கிடைக்கும்.

எந்த ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் சந்தேகம் அடாப்டர் மீதும், அதிலிருந்து வரும் வயர் மீதும், ஃப்ளோட் மீதும். ‘டக்’ வருகிறது, பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப் அல்லது சுமை தாங்காத அடாப்டர். பம்ப் ஓடுகிறது, ஆனால் ஒலி மெலிந்து, காற்றை அரைப்பது போல வேகமாக இருக்கிறது, சுத்த நீர்க் குழாயிலும் கழிவுக் குழாயிலும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் தண்ணீரே பம்புக்கு வரவில்லை, அதாவது எஸ்.வி. அல்லது அதற்கு முன்னால் அடைப்பு. பம்ப் கனமாக ஓடுகிறது, கழிவு நீர் நன்றாக வருகிறது, சுத்த நீர் மட்டும் நூல் போல வருகிறது என்றால் அது மெம்பிரேன் விவகாரம், இந்த வழிகாட்டிக்கு வெளியே. விளக்கு விட்டுவிட்டு மின்னி, பம்ப் ‘டிக்... டிக்...’ என்று முயன்று முயன்று நின்றால், அதுதான் எல்லோரையும் ஏமாற்றும் அறிகுறி. அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அடாப்டர்: சுமையோடு அளக்க வேண்டும்

அடாப்டரில் பச்சை விளக்கு எரிகிறது, ஆகவே அடாப்டர் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த விளக்குக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். பம்புக்கு அதைப் போல நூறு மடங்குக்கு மேல் வேண்டும். விளக்கு எரிவதால், அடாப்டர் முழுக்கச் சாகவில்லை என்பது மட்டுமே நிச்சயம்.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில், 200 என்ற வரிசையில் வையுங்கள். அடாப்டரின் வெளியீட்டு கனெக்டரைக் கழற்றி, சிவப்பு முனையைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் வைத்துப் பாருங்கள். 24-ஐ ஒட்டி, அரை வோல்ட் முன்னே பின்னே வர வேண்டும். பூஜ்யம் வந்தால் அடாப்டர் செத்தது. முடிவு சொல்லும் முன் அடாப்டரின் அடிப்பகுதியில் வயர் வளையும் இடத்தை லேசாக அசைத்துக்கொண்டே அளந்து பாருங்கள். உள்ளே கம்பி முறிந்திருந்தால் எண் வந்து வந்து போகும்.

24 வந்துவிட்டால் பாதிப் பரிசோதனைதான் முடிந்திருக்கிறது. இப்போது கனெக்டரைத் திரும்ப மாட்டி, பம்பும் எஸ்.வி.யும் இணைந்த நிலையில், கனெக்டரின் பின்புறத்தில் வயர் நுழையும் இடுக்கு வழியாக மீட்டர் முனையைச் செருகி மறுபடி அளங்கள். பம்ப் ஓடும்போது 23-க்கு மேல் நின்றால் அடாப்டர் நல்லது. 20-க்குக் கீழே இறங்கினால் இரண்டில் ஒன்று: அடாப்டரால் கொடுக்க முடியவில்லை, அல்லது பம்போ எஸ்.வி.யோ அளவுக்கு மீறி இழுக்கிறது.

இந்த இரண்டையும் பிரிக்க அடாப்டருக்கு நமக்குத் தெரிந்த ஒரு சுமையைக் கொடுக்க வேண்டும். பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பு இரண்டை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணையுங்கள்; 36 வோல்ட் இயந்திரத்துக்கு மூன்று பல்பு வேண்டும். 24 வோல்ட்டில் இவை ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும், நல்ல பம்ப் இழுக்கும் அளவுக்கு நெருக்கமானது. பம்ப், எஸ்.வி. இரண்டையும் கழற்றிவிட்டு அடாப்டரில் இந்தப் பல்புகளை மட்டும் மாட்டுங்கள். முதல் நொடியில் ஒருமுறை துடித்தால் பரவாயில்லை, குளிர்ந்த பல்பு தொடக்கத்தில் கூடுதலாக இழுக்கும். பிறகு பல்புகள் பளிச்சென்று நிலையாக எரிந்து, மீட்டர் 23-க்கு மேல் காட்டினால் அடாப்டர்மேல் பழி போட முடியாது. ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். சில அடாப்டர்கள் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடேறியதும் சரியும். பல்பு மங்கினாலோ, மின்னி மின்னி எரிந்தாலோ, 18 அல்லது 15 என்று இறங்கினாலோ அடாப்டரை மாற்றுங்கள்.

அடாப்டர் இப்படிப் பலவீனமாவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். மூடிய பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் சூட்டிலேயே இருப்பதால் உள்ளே இருக்கும் வெளியீட்டுக் கண்டன்சர்கள் மெல்ல உலர்ந்துபோகின்றன. சுமை இல்லாதபோது 24 காட்டிவிட்டு, சுமை வந்ததும் சரிவது அதனால்தான். புதிது வாங்கும்போது வோல்ட் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். 1.5 ஆம்பியர் இருந்த இடத்தில் 2.5 ஆம்பியர் போட்டால் எந்தக் கெடுதலும் இல்லை, பம்ப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். 24 இருந்த இடத்தில் 36 போட்டால் பம்ப் சில நாள் கூடுதல் சத்தத்தோடு ஓடி எரிந்துபோகும்.

பம்ப்: மோட்டார் ஒரு பாதி, தலை ஒரு பாதி

பூஸ்டர் பம்பை இரண்டு பாகமாகப் பாருங்கள். பின்னால் கார்பன் பிரஷ் கொண்ட டி.சி. மோட்டார். முன்னால் டயாஃப்ரம் என்ற ரப்பர் தகடும் சின்ன ரப்பர் வால்வுகளும் கொண்ட தலை. மோட்டார் சுற்றியும் தலை கெட்டிருக்கலாம், தலை நன்றாக இருந்தும் மோட்டார் சுற்றாமல் போகலாம். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

மோட்டாருக்கு: பம்பின் கனெக்டரைக் கழற்றி, இயந்திரப் பக்கம் இருக்கும் முனையில் மீட்டரை வைத்து 24 வருகிறதா பாருங்கள். வருகிறது, ஆனால் பம்பை மாட்டினால் சுற்றவில்லை என்றால் பம்பை வெளியே எடுத்து ஒரு 12 வோல்ட் பைக் பேட்டரியில் நேராகக் கொடுங்கள். பாதி வோல்ட்டில் பாதி வேகத்தில் ஓட வேண்டும். ஓடினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. பேட்டரி வயரில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி வயர்கள் தெரியாமல் ஒன்றோடொன்று உரசினால் அடாப்டரைப் போலத் தன்னை நிறுத்திக்கொள்ளாது, வயரையே உருக்கிவிடும்.

ஓடவில்லை, முனகலும் இல்லை என்றால் மல்டிமீட்டரை ஓம் வரிசையில் வைத்துப் பம்பின் இரண்டு வயர்களிலும் அளங்கள். நல்ல மோட்டாரில் சில ஓம்கள் வரும். தொடர்பே இல்லை என்று காட்டினால் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடுவதை விட்டுவிட்டது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரின் பின்புறம் தட்டியதும் ஓடத் தொடங்கினால் அதே நோய்தான். இன்று தட்டினால் ஓடும், நாளைக்கு மறுபடி நிற்கும். இந்த விலையில் கிடைக்கும் பம்புகளில் பிரஷ்ஷை மட்டும் மாற்றுவது நடைமுறையில் எடுபடுவதில்லை, பம்பையே மாற்றுங்கள்.

முனகுகிறது, சுற்றவில்லை, தொட்டால் வேகமாகச் சூடாகிறது என்றால் இறுகிவிட்டது. பெரும்பாலும் டயாஃப்ரம் கிழிந்து தண்ணீர் மோட்டார் பேரிங்கில் இறங்கித் துருப்பிடித்திருக்கும். தலைக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் இணைப்பில் பழுப்பு நிறக் கோடு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

தலைக்கு வாளிப் பரிசோதனை. எஸ்.வி., ஃபில்டர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பம்பின் உள்வரும் டியூப்பை நேராக ஒரு வாளித் தண்ணீரில் விடுங்கள். வாளியைப் பம்பின் மட்டத்திலோ சற்று மேலேயோ வையுங்கள். வெளியேறும் டியூப்பை ஒரு அளவு ஜாடியில் விட்டு 24 வோல்ட் கொடுங்கள். நல்ல பம்ப் சில நொடிகளில் தானாகவே தண்ணீரை உறிஞ்சி, தடையில்லாத நிலையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தள்ளும். அரை லிட்டருக்குக் கீழே என்றால் தலை தேய்ந்துவிட்டது. அடுத்து வெளியேறும் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். நல்ல பம்பின் அழுத்தத்தை விரலால் தாங்க முடியாது, பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். விரல் எளிதாக அடைத்துவிட்டால், மோட்டார் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும், உள்ளே ரப்பர் வால்வுகள் மூடவில்லை. மெம்பிரேனைத் தாண்டத் தேவையான அழுத்தம் அந்தப் பம்பில் வராது.

வாளியில் வைத்ததும் பம்ப் அருமையாகத் தள்ளுகிறது, இயந்திரத்தில் மாட்டினால் காற்றை அரைக்கிறது என்றால் பம்ப் நிரபராதி. குற்றவாளி அதற்கு முன்னால் நிற்கிறான்.

எஸ்.வி.: திறக்காததும் மூடாததும் வேறு வேறு

சோலனாய்டு வால்வு மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும், 24 வோல்ட் வந்ததும் காந்தம் உள்ளே இருக்கும் சின்ன இரும்புத் தண்டைத் தூக்கி வழி விடும். அதில் மூன்று விதமாகப் பழுது வரும்.

அந்தக் காந்தத்தின் கம்பிச்சுருளான காயில் எரிந்துபோவது முதல் வகை. கனெக்டரைக் கழற்றி ஓமில் அளந்தால் நல்ல காயிலில் 60 முதல் 150 ஓம் வரை ஏதோ ஒரு எண் வரும். தொடர்பே இல்லை என்றால் காயில் அறுந்தது. சில ஓம்கள் மட்டுமே வந்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஷார்ட் ஆன காயில் அடாப்டரைக் கீழே இழுத்து, பம்பையும் சேர்த்து நிறுத்திவிடும். மீட்டர் இல்லாவிட்டால், 24 வோல்ட் கொடுத்து ஸ்க்ரூடிரைவர் முனையைக் காயிலின் நடுவில் உள்ள இரும்பில் வையுங்கள். நல்ல காயில் அதைப் பிடித்து இழுக்கும்.

இரண்டாவது, ‘டக்’ என்று ஒலி வந்தும் தண்ணீர் வராதது. இதை உறுதிசெய்ய எஸ்.வி.யின் வெளியேறும் டியூப்பைக் கழற்றி ஜாடியில் விட்டு, உள்வரும் குழாயைத் திறந்து வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது சொட்டுக்கூட வரக்கூடாது. மின்சாரம் கொடுத்ததும் தாரையாக வர வேண்டும். வராவிட்டால் எஸ்.வி.க்கு உள்வரும் டியூப்பையும் கழற்றிப் பாருங்கள். அங்கே தண்ணீர் நன்றாக வந்தால் அடைப்பு எஸ்.வி.க்குள்தான். அங்கேயும் வராவிட்டால் முன்வடிகட்டியைப் பாருங்கள். லாரித் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் வாங்கும் வீடுகளில் முன்வடிகட்டியின் உள்கேண்டில் சேறு படிந்து ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்வது சாதாரணம்.

அடுக்குமாடியின் கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. தண்ணீர் மட்டம் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு கிலோ அழுத்தம் வரும். மேல்தொட்டி தலைக்கு மேலே ஒரு மீட்டரில் இருந்தால் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. இந்த அழுத்தத்தில் ஓரளவு அடைந்த முன்வடிகட்டியும் எஸ்.வி.யும் சேர்ந்தாலே பம்புக்குத் தண்ணீர் போதாமல் போய்விடும். தரைத்தளத்தில் இதே வடிகட்டி இன்னும் சில மாதம் ஓடியிருக்கும்.

எஸ்.வி.யின் உள்வாயில் பெரும்பாலும் ஒரு சின்ன வலை இருக்கும். அடைப்பு அதிலேயே முடிந்துவிட்டால் அதிர்ஷ்டம்: பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டிவிடலாம். இல்லாவிட்டால் காயிலுக்குக் கீழே உள்ள நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். இரும்புத் தண்டு, ஸ்பிரிங், ரப்பர் டயாஃப்ரம் மூன்றும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்வெல் தண்ணீரில் இவற்றின் மேல் வெள்ளை உப்பு படிந்திருக்கும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். டயாஃப்ரமில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருந்தால் அதை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஊசியால் குத்தி அகலப்படுத்தினால் வால்வு அப்புறம் சரியாக வேலை செய்யாது. திரும்ப மாட்டும்போது வால்வின் உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, மூடாமல் சிக்கிக்கொள்வது. இதில் இயந்திரம் தண்ணீர் பிடிக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. தொட்டி நிறைந்து பம்ப் நின்ற பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மேல்தொட்டியின் அழுத்தமே பம்பைத் தாண்டி மெம்பிரேன் வழியாகக் கழிவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இரவு முழுவதும் வீணாகும் தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை. டயாஃப்ரம் உட்கார்ந்து வழியை மூடும் இருக்கையில் ஒரு மணல் துகள் மாட்டியிருந்தாலே இப்படி ஆகும்.

விளக்கு மின்னி, பம்ப் ‘டிக் டிக்’ என்றால்: ஒரு முழு உதாரணம்

24 வோல்ட், 1.5 ஆம்பியர் அடாப்டர், 75 ஜி.பி.டி. பம்ப் கொண்ட ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 75 ஜி.பி.டி. என்றால் நாளைக்கு 75 காலன், மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர். தொட்டி காலி. பிளக்கைச் செருகினால் விளக்கு நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது, பம்ப் ஒவ்வொரு முறையும் ஒரு ‘டிக்’ போட்டு நின்றுவிடுகிறது.

அடாப்டரைத் தனியாக அளந்தால் 24.2. எல்லாவற்றையும் மாட்டி அளந்தால் எண் நிலையாக நிற்காமல் 3-க்கும் 11-க்கும் நடுவே ஆடுகிறது. இந்த இடத்தில்தான் பலர் அடாப்டர் வாங்கக் கிளம்புகிறார்கள். உண்மையில் இந்த ஆட்டம் அடாப்டரின் தற்காப்பு: அளவுக்கு மீறி இழுத்தால் அது தன்னை நிறுத்திக்கொள்ளும், ஒரு நொடி கழித்து மறுபடி முயலும், மறுபடி நிறுத்தும். யாரோ அதிகமாக இழுக்கிறார்கள், அல்லது அடாப்டரே முதுமையால் சீக்கிரம் கைவிடுகிறது.

எஸ்.வி.யின் கனெக்டரைக் கழற்றினால் ஆட்டம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் எஸ்.வி. காயில் ஷார்ட் இல்லை. எஸ்.வி.யை மாட்டிவிட்டுப் பம்பைக் கழற்றினால் 24.1-ல் நிலையாக நிற்கிறது, எஸ்.வி.யும் ‘டக்’ என்று விழுகிறது. பம்பா, அடாப்டரா என்பது மட்டும் மிச்சம். பைக் பல்பு இரண்டைத் தொடராக மாட்டினால் பளிச்சென்று எரிகின்றன, மீட்டர் 23.8. அடாப்டர் நல்லது.

பம்பைப் பைக் பேட்டரியில் கொடுத்தால் சுற்றாமல் முனகுகிறது. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரிக்கும் பம்புக்கும் நடுவே தொடராக வைத்தால் 3.4 ஆம்பியர். 12 வோல்ட்டுக்கே இவ்வளவு என்றால் 24-ல் ஏறக்குறைய இரு மடங்கு. 1.5 ஆம்பியர் அடாப்டர் கையைத் தூக்கியதில் ஆச்சரியமில்லை. ஆம்பியர் அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு உடனே மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அதே நிலையில் வோல்ட் அளக்கப் போனால் மீட்டரே ஷார்ட் போடும் கம்பியாகிவிடும்.

பம்பின் தலையைக் கழற்றினால் டயாஃப்ரமின் விளிம்பில் கிழிசல், மோட்டார் தண்டில் துரு. பம்பை மாற்ற வேண்டும் என்பது உறுதி. ஆனால் புதிய பம்பை மாட்டுவதற்கு முன் எஸ்.வி.யின் டியூப்பைக் கழற்றி ஒரு நிமிடம் ஜாடியில் பிடித்தால் 300 மில்லிதான் வருகிறது. ஒரு லிட்டர் கேட்கும் பம்புக்கு மூன்றில் ஒரு பங்கு. உள்வாய் வலை முழுக்க வண்டல். பழைய பம்ப் பல மாதமாகப் பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக, தொட்டியை நிரப்ப இரண்டு மூன்று மடங்கு நேரம் ஓடியிருக்கிறது. வலையைக் கழுவாமல் புதிய பம்பை மாட்டியிருந்தால் அதுவும் அதே பாடுதான் பட்டிருக்கும். பம்ப் மாற்றும்போதெல்லாம் எஸ்.வி.யின் ஒரு நிமிட அளவை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மாட்டிய பிறகு

பழைய பம்பின் லேபிளில் உள்ள வோல்ட், ஜி.பி.டி. இரண்டும் புதியதிலும் இருக்க வேண்டும். 75-க்குப் பதிலாக 100 போட்டால், கழிவு நீரைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் பழையதாகவே இருக்கும்போது மெம்பிரேனில் அழுத்தம் ஏறும், டியூப் இணைப்புகள் கசியும். சிவப்பு வயரைச் சிவப்போடு சேர்த்து, கனெக்டர் இல்லாமல் முறுக்கினால் ஹீட் ஷ்ரிங்க் அல்லது நல்ல டேப் சுற்றுங்கள். கசிவு ஒழுகினாலும் தண்ணீர் படாத உயரத்தில் அந்த இணைப்பு இருக்கட்டும். டியூப் முனையைப் பிளேடால் நேராக வெட்டி, இணைப்பில் கடைசி வரை அழுத்துங்கள். சாய்வாக வெட்டிய முனை காற்றை உள்ளே இழுக்கும், பம்ப் மறுபடி காற்றை அரைக்கும் ஒலி எழுப்பும்.

ஓடவிட்டுப் பத்து நிமிடம் எல்லா இணைப்பிலும் காகித நாப்கினால் ஒற்றிப் பாருங்கள். ஓடும்போது அடாப்டர் 23-க்கு மேல் நிற்கிறதா என்று ஒருமுறை அளங்கள். டியூப்களைக் கழற்றி மாட்டியதால் முதல் தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றுங்கள். பிறகு ஃப்ளோட்டைக் கையால் தூக்கிப் பிடித்துப் பம்பை நிறுத்துங்கள். உள்ளே தேங்கிய அழுத்தம் இறங்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் கழிவுக் குழாய் முழுமையாக நின்றுவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் சொட்டிக்கொண்டிருந்தால் எஸ்.வி.யை மறுபடி திறந்து, அதன் இருக்கையில் இருக்கும் துகளை எடுத்த பிறகே மூடியைப் பொருத்துங்கள்.